ஒரு ராத்திரி வாடகை 7,800 ரூபாய். அடுத்த வருஷம் முழுக்க இட்லிக்கு 18% வரியா?

ஒரே ஊர், ஒரே தெரு, இரண்டு ஓட்டல்கள். ஒன்றில் டிபன் சாப்பிட்டால் பில்லில் 5% ஜிஎஸ்டி. பக்கத்து ஓட்டலில் அதே டிபனுக்கு 18%. ஏன் என்று கேட்டால் கேஷியர் சொல்வது பெரும்பாலும் ஒரே பதில்தான்: "கம்ப்யூட்டர்ல அப்படித்தான் சார் வருது."

கம்ப்யூட்டரில் அப்படி வருவதற்குக் காரணம் இட்லியிலோ, ஏசி ஹாலிலோ இல்லை. மாடியில் இருக்கும் அறையின் வாடகையில் இருக்கிறது. அதுவும் இன்றைய வாடகை இல்லை, போன நிதியாண்டில் ஏதோ ஒரு நாளில் வாங்கிய வாடகை. தங்கும் அறையும் உணவகமும் சேர்ந்து நடத்தும் ஓட்டல்காரர்களில் பலர் ரூம் பில்லையும் சாப்பாட்டு பில்லையும் இரண்டு தனி உலகமாக நினைக்கிறார்கள். சட்டம் அப்படி நினைக்கவில்லை. ரூம் பில்லில் விழும் ஒரு எண், சாப்பாட்டு பில்லின் வரியை ஒரு வருஷத்துக்குத் தீர்மானிக்கிறது. அது தெரியாமல் பில் போடுவதுதான் இந்தத் தொழிலில் இப்போது செலவு அதிகம் வைக்கும் தவறு.

7,500 என்ற கோடு

இப்போதைய கணக்கு இதுதான். அறை வாடகை ஒரு நாளைக்கு 7,500 ரூபாய் வரை என்றால் 5% வரி. அதைத் தாண்டினால் 18%. 2025 செப்டம்பர் 22 முதல் இந்த விகிதம் நடைமுறையில் இருக்கிறது. அதற்கு முன்பு 7,500 வரையிலான அறைகளுக்கு 12% இருந்தது. 5% வாங்கும் ஓட்டல், தான் வாங்கும் பொருட்களுக்குக் கட்டிய வரியைத் திரும்பக் கழித்துக்கொள்ள முடியாது. 18% வாங்கும் ஓட்டல் கழித்துக்கொள்ளலாம்.

உணவகத்துக்கும் இதே இரண்டு விகிதங்கள்தான். சாதாரண உணவகம் 5%. 'குறிப்பிட்ட வளாகம்' என்று சட்டம் வகைப்படுத்தும் ஓட்டலுக்குள் இருக்கும் உணவகம் 18%. எந்த வளாகம் அந்த வகை என்பதற்கான விதி 2025 ஏப்ரல் 1 முதல் மாறிவிட்டது. முன்பு, ஓட்டல் அறிவித்து வைத்திருக்கும் வாடகையைப் பார்த்தார்கள். போர்டில் 8,000 என்று எழுதிவிட்டு 5,000-க்கு அறை கொடுத்தாலும் 8,000-தான் கணக்கு. இப்போது போர்டில் என்ன எழுதியிருக்கிறது என்பது பேச்சே இல்லை. விருந்தினரிடம் உண்மையில் என்ன வாங்கினார்கள் என்பதுதான் கேள்வி.

அந்த வளாகத்தில் முந்தைய நிதியாண்டில் ஏதாவது ஒரு அறைக்கு, ஏதாவது ஒரு நாளில், 7,500-க்கு மேல் வாங்கியிருந்தால், அடுத்த நிதியாண்டு முழுக்க அது குறிப்பிட்ட வளாகம். யாரும் வந்து அறிவிக்க வேண்டியதில்லை. ஓட்டல்காரர் எந்தப் படிவமும் தர வேண்டியதில்லை. ஏப்ரல் 1 காலை டிபனிலிருந்து தானாகவே 18%. அந்த வளாகத்துக்குள் வேறொருவர் வாடகைக்கு எடுத்து நடத்தும் உணவகத்துக்கும் இதுதான் விதி.

கொடைக்கானல் கணக்கு ஒன்று

கற்பனையாக ஒரு ஓட்டலை எடுத்துக்கொள்ளலாம். கொடைக்கானலில் 22 அறைகள், கூடவே ஒரு உணவகம். வழக்கமான வாடகை 4,500 ரூபாய். தோட்டத்துப் பக்கம் ஒரே ஒரு குடும்பக் காட்டேஜ், அதற்கு 6,500. 2025 டிசம்பர் கடைசியில் கூட்டம் அதிகம். புக்கிங் ஆப்பில் காட்டேஜின் விலையை மேனேஜர் 7,800 ஆக ஏற்றினார். மூன்று இரவுகளுக்கு ஒரு குடும்பம் வந்து தங்கிப் போனது.

இங்கே முதல் தவறு பில்லிங் சாஃப்ட்வேரில் நடந்தது. 'காட்டேஜ் என்றால் 5%' என்று அறையின் வகைக்கு வரியை நிரந்தரமாகப் பொருத்தி வைத்திருந்தார்கள். விலை ஏறியபோது வரி ஏறவில்லை. மூன்று இரவுக்கு வாடகை 23,400 ரூபாய். வாங்க வேண்டிய வரி 18% கணக்கில் 4,212. வாங்கியது 5% கணக்கில் 1,170. வித்தியாசம் 3,042 ரூபாய். விருந்தினர் ஊர் போய்ச் சேர்ந்த பிறகு அதை அவரிடம் கேட்டு வாங்குவது நடக்காத காரியம். ஓட்டல்காரர் கைக்காசுதான் போகும். வரி விகிதத்தை அறையின் பெயரோடு கட்டாமல், அன்றைய நாளுக்கு வாங்கிய வாடகையோடு கட்டியிருந்தால் இது நடந்திருக்காது. ஒரே விருந்தினர் வியாழன் 6,500-க்கும் வெள்ளி 7,800-க்கும் தங்கினால், ஒரே பில்லில் ஒரு இரவுக்கு 5%, இன்னொரு இரவுக்கு 18% என்று இரண்டு வரிகளாக வருவதுதான் சரி.

இரண்டாவது தவறு முதலாளியின் மனக்கணக்கில். அந்த ஆப் 15% கமிஷன் எடுத்துக்கொண்டது என்று வைத்துக்கொண்டால், 7,800-ல் 1,170 போய் வங்கிக்கு வந்தது இரவுக்கு 6,630 ரூபாய். அந்தக் கமிஷன் மீதான ஜிஎஸ்டியையும் கழித்தால் இன்னும் குறைவு. "நமக்கு வந்ததே ஆறாயிரத்துச் சொச்சம், நாம எங்க 7,500-ஐத் தாண்டினோம்?" என்று அவர் நினைத்தார். ஆனால் அறையின் மதிப்பு என்பது விருந்தினர் அறைக்காகக் கொடுத்த வாடகை, வரி சேர்க்காமல். கமிஷன் என்பது ஆப் நிறுவனம் ஓட்டலுக்குச் செய்த தனி சேவைக்கான கூலி. அதைக் கழித்துவிட்டு மதிப்பைச் சொல்ல முடியாது.

மூன்றாவது தவறு அடுத்த ஏப்ரலில்தான் தெரியும். அந்த மூன்று இரவுகளால் 2026-27 நிதியாண்டு முழுக்க அந்த உணவகம் 18% வாங்க வேண்டும். உணவக வியாபாரம் மாதம் 10 லட்சம் என்றால் வருஷம் 1.2 கோடி. பழைய பழக்கத்தில் 5% மட்டுமே வாங்கிக்கொண்டிருந்தால், 13% வித்தியாசம் சுமார் 15.6 லட்சம் ரூபாய். 18% பிரிவில் வாங்கும் பொருட்களின் வரியைக் கழித்துக்கொள்ள வழி இருப்பதால் உண்மைச் சுமை இதைவிடக் குறையலாம். ஆனால் அதற்கு அந்த வருஷத்துக் கொள்முதல் பில்கள் முறையாகக் கையில் இருக்க வேண்டும். காட்டேஜில் கூடுதலாகக் கிடைத்தது மூன்று இரவுக்குச் சேர்த்து 3,900 ரூபாய் என்பதை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

பில்லில் என்ன இருக்க வேண்டும்?

வரி இன்வாய்ஸ் என்ற பெயருக்குத் தகுதி பெற, பில்லில் சில விவரங்கள் கட்டாயம். ஓட்டலின் பெயர், முகவரி, ஜிஎஸ்டி எண். தேதி. வரிசை எண். சேவையின் விவரமும் குறியீடும். அறை வாடகைக்கு 996311, உணவகத்துக்கு 996331. வரிக்கு முந்தைய தொகை, விகிதம், மத்திய ஜிஎஸ்டி எவ்வளவு, மாநில ஜிஎஸ்டி எவ்வளவு என்று தனித்தனியாக. இவற்றில் அதிகம் சிக்கலாவது வரிசை எண்தான்.

அறைக்கும் உணவகத்துக்கும் தனித்தனி வரிசை வைத்துக்கொள்ளலாம். உதாரணமாக, அறைக்கு `ROOM/25-26/00418`, உணவகத்துக்கு `REST/25-26/00418`. எண் இடைவெளி இல்லாமல் தொடர்ந்து போக வேண்டும், ஒரே நிதியாண்டில் அதே எண் மறுபடி வரக் கூடாது. எழுத்தும் குறியும் சேர்த்து மொத்தம் 16-க்குள் இருக்க வேண்டும். மேலே உள்ளவை எண்ணிப் பார்த்தால் சரியாக 16. ஒரு லட்சமாவது பில் வரும் நாளில் ஒரு இலக்கம் கூடி 17 ஆகிவிடும். வியாபாரம் அதிகமுள்ள உணவகம் முன்பே 'REST' என்பதை 'R' ஆகச் சுருக்கிக்கொள்வது நல்லது.

எல்லா வாடிக்கையாளருக்கும் பில் கொடுத்தே ஆக வேண்டுமா? 200 ரூபாய்க்குக் குறைந்த தொகைக்கு, ஜிஎஸ்டி பதிவு இல்லாத வாடிக்கையாளர் பில் வேண்டாம் என்றால், தனி இன்வாய்ஸ் போட வேண்டியதில்லை. ஆனால் அன்றைய அப்படிப்பட்ட விற்பனை மொத்தத்துக்கும் நாள் முடிவில் ஒரே இன்வாய்ஸ் போட்டாக வேண்டும். டீக்கடைக்காரர்கள் பலர் இந்த விதியின் முதல் பாதியை மட்டும் நினைவில் வைத்திருக்கிறார்கள். வாடிக்கையாளர் கேட்டால் 40 ரூபாய் டீக்கும் பில் கொடுக்க வேண்டும்.

காம்போசிஷன் திட்டத்தில் இருக்கும் சிறிய உணவகங்களின் பில் வேறு மாதிரி. அவர்கள் வருஷ வியாபாரத்தில் 5% வரியைத் தங்கள் கையிலிருந்து கட்டுகிறார்கள். வாடிக்கையாளரிடம் வரி என்று ஒரு ரூபாய்கூடத் தனியாக வாங்கக் கூடாது. அவர்கள் கொடுப்பது வரி இன்வாய்ஸ் இல்லை, 'பில் ஆஃப் சப்ளை'. காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர், வரி வசூலிக்கத் தகுதி இல்லாதவர் என்ற வாசகம் அதன் தலைப்பில் இருக்க வேண்டும். அந்த வாசகமும் இருந்து, கீழே ஜிஎஸ்டி 5% என்ற வரியும் இருந்தால் அந்த பில் தப்பு. வாசகத்தைப் படிக்கத் தெரிந்த எந்த வாடிக்கையாளரும் இதைக் கண்டுபிடித்துவிடலாம்.

'கம்பெனி பில்' கேட்பவர்கள்

வேலை விஷயமாகப் போய்த் தங்குபவர்கள் கவுன்ட்டரில் கேட்பது ஒன்றுதான்: "கம்பெனி பேர்ல பில் வேணும்." பெயர் மட்டும் போதாது. கம்பெனியின் ஜிஎஸ்டி எண் இன்வாய்ஸில் ஏற வேண்டும். அது இல்லாவிட்டால், ஓட்டல் வரி கட்டியிருந்தாலும் அந்தத் தொகை கம்பெனியின் ஜிஎஸ்டி கணக்கில் தெரியாது, கழித்துக்கொள்ளவும் முடியாது. இதைக் கேட்க வேண்டிய நேரம் செக்-இன், செக்-அவுட் இல்லை.

சென்னை நிறுவனத்தின் ஊழியர் ஒருவர் மதுரையில் இரண்டு இரவு தங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். வாடகை 3,200 வீதம் 6,400. அதற்கு 5% வரி 320. மத்தியத்துக்கு 160, மாநிலத்துக்கு 160. அதே ஓட்டலில் சாப்பிட்டது 940, வரி 47. மொத்தம் 7,707 ரூபாய். இதில் நிறுவனம் கழித்துக்கொள்ளக்கூடியது 320 மட்டுமே. பொதுவாக உணவுக்குக் கட்டிய வரியைக் கழிக்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. இப்போது கேஷியர் 'தங்கும் செலவு 7,340, வரி 367' என்று ஒரே வரியில் பில் போட்டால், நிறுவனத்தின் கணக்காளரால் இரண்டையும் பிரிக்க முடியாது. 320-ஐயும் விட்டுவிட வேண்டியிருக்கும், அல்லது 367-ஐயும் கழித்துவிட்டுப் பின்னால் வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டியிருக்கும். ஒரு விதிவிலக்கு உண்டு. வாடகையோடு காலை டிபனும் சேர்த்தே ஒரே விலைக்குத் தரும் திட்டம் என்றால், அது முழுக்க அறை வாடகையாகவே கணக்கில் வரும். டிபனைத் தனியாகப் பிரிக்கத் தேவையில்லை.

அதே ஊழியர் பெங்களூரில் தங்கினால் கதையே வேறு. அறை எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அந்த மாநிலத்து வரிதான் விழும். கர்நாடகத்தின் மத்திய, மாநில ஜிஎஸ்டியைத் தமிழ்நாட்டில் மட்டும் பதிவு பெற்ற நிறுவனம் கழித்துக்கொள்ள முடியாது. "ஐஜிஎஸ்டி போட்டுக் கொடுங்க" என்று ஓட்டலை வற்புறுத்துவதும் தவறு, அதைக் கேட்டு ஓட்டல் போட்டுக் கொடுப்பதும் தவறு.

வருஷ வியாபாரம் 5 கோடியைத் தாண்டிய ஓட்டல் என்றால், ஜிஎஸ்டி எண் உள்ள வாடிக்கையாளருக்கான இன்வாய்ஸை அரசு தளத்தில் பதிந்து, க்யூஆர் குறியீட்டோடு கொடுக்க வேண்டும். அப்படிப் பதிந்ததை 24 மணி நேரத்துக்குள்தான் அந்தத் தளத்தில் ரத்து செய்ய முடியும்.

அழிக்கப்பட்ட பில் எங்கே போகும்?

மாலையில் பில் போட்டாயிற்று. ராத்திரி விருந்தினர் வந்து "எண்ணைச் சேர்க்க மறந்துட்டேன்" என்கிறார். சில கவுன்ட்டர்களில் பழைய பில்லைத் திறந்து, மாற்றி, அதே எண்ணில் மறுபடி அச்சடித்துக் கொடுத்துவிடுகிறார்கள். இன்னும் சிலர் டெலீட் செய்துவிடுகிறார்கள். இரண்டும் கூடாது. பழைய பில்லைக் காரணத்தோடு 'ரத்து' என்று குறித்து, புது எண்ணில் புது பில் போட வேண்டும். மாதாந்திர ஜிஎஸ்டிஆர்-1 படிவத்தில் எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை பில் போட்டார்கள், அதில் எத்தனை ரத்து என்று சொல்லவே ஒரு அட்டவணை இருக்கிறது. விற்பனையைக் கணக்கில் காட்டி, வரி கட்டிய பிறகு தொகையைக் குறைக்க வேண்டி வந்தால் அதற்கு வழி கிரெடிட் நோட்.

கம்ப்யூட்டரில் கணக்கு வைப்பவர்களுக்கு விதி இன்னும் தெளிவு. எந்தப் பதிவைத் திருத்தினாலும், அழித்தாலும், அந்தத் திருத்தத்தின் தடம் சாஃப்ட்வேரில் இருக்க வேண்டும். 'டெலீட் செய்தால் தடமே இருக்காது' என்பதை வசதியாகச் சொல்லி ஒருவர் சாஃப்ட்வேர் விற்க வந்தால், அவர் விற்பது வசதி இல்லை, வழக்கு.

தடம் எப்படியும் வேறு இடங்களில் இருந்துவிடும். சமையலறைக்குப் போகும் ஆர்டர் சீட்டை, அதாவது கே.ஓ.டி.யை, வைத்திருக்கச் சொல்லி தனி விதி இல்லாவிட்டாலும், சோதனைக்கு வருபவர்கள் முதலில் தேடும் காகிதங்களில் அதுவும் ஒன்று. ஒரே டேபிளுக்கு மூன்று சீட்டு போகலாம், பில் ஒன்றாக வரலாம். அதனால் எண்ணிக்கை ஒத்துப்போக வேண்டியதில்லை. ஆனால் ஒவ்வொரு சீட்டின் எண்ணும் ஏதாவது ஒரு பில்லில் போய்ச் சேர வேண்டும். அல்லது 'ஸ்டாஃப் சாப்பாடு', 'திருப்பி அனுப்பியது' என்று எழுதப்பட்டிருக்க வேண்டும். எதிலும் சேராத சீட்டுகள் தினமும் ராத்திரி எட்டு மணிக்கு மேலேயே வந்தால், அந்த ஷிஃப்டில் என்ன நடக்கிறது என்று முதலாளியே முதலில் கேட்க வேண்டும். காசு எடுப்பது எப்போதும் வரித்துறையிடமிருந்து மட்டும் இருக்காது.

அறையும் உணவகமும் சேர்ந்த இடத்தில் எதிர்ப்பக்கத் தவறும் நடக்கிறது. விருந்தினர் சாப்பிட்டுவிட்டு "ரூம்ல சேர்த்துடுங்க" என்று கையெழுத்துப் போடுகிறார். உணவகம் தன் எண்ணில் ஒரு வரி இன்வாய்ஸ் போட்டுவிட்டது. செக்-அவுட்டில் ரிசப்ஷன் அதே தொகையை ரூம் இன்வாய்ஸிலும் ஏற்றுகிறது. ஒரே சாப்பாடு இரண்டு முறை விற்பனையாகி, இரண்டு முறை வரி. இதற்குத் தீர்வு எளிது. இன்வாய்ஸ் போடுவது உணவகமா ரிசப்ஷனா என்பதை ஓட்டல் ஒரே முறையாக முடிவு செய்ய வேண்டும். உணவகம் போடுகிறது என்றால், ரூம் கணக்கில் அது 'உணவக பில் எண் இன்னது, வசூல்' என்று மட்டும் வர வேண்டும், விற்பனையாக வரக் கூடாது.

எத்தனை வருஷம் வைத்திருக்க வேண்டும்?

அந்த நிதியாண்டின் வருடாந்திரக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள். 2025-26-க்கான கடைசி நாள் 2026 டிசம்பர் 31. அப்படியென்றால் கொடைக்கானல் காட்டேஜின் அந்த மூன்று இரவு பில்களும் 2032 டிசம்பர் வரை இருக்க வேண்டும். வழக்கு நடந்தால் இன்னும் கூடுதல் காலம்.

7,500-ஐத் தாண்டவே இல்லை என்று சொல்லும் ஓட்டலுக்குத்தான் இந்த ஆவணங்கள் அதிகம் தேவை. தாண்டியதற்கு ஒரு பில் போதும். தாண்டவில்லை என்று காட்ட வருஷம் முழுவதற்குமான பதிவு வேண்டும். எந்த நாள், எந்த அறை, எவ்வளவு வாங்கியது என்ற பதிவேடும், ஆப் மூலம் வந்த புக்கிங்குகளில் விருந்தினர் கட்டிய தொகையைக் காட்டும் உறுதிச் சீட்டும்தான் சாட்சி. வங்கிக் கணக்கில் வந்த தொகையை மட்டும் காட்டினால் அது எதையும் நிரூபிக்காது. பில் போடாமலோ தவறான பில்லோ கொடுத்தது நிரூபணமானால் அபராதம் 10,000 ரூபாய் அல்லது ஏய்த்த வரித்தொகை, இரண்டில் எது அதிகமோ அது. வரியும் வட்டியும் தனி.

விதியிலும் குறை இருக்கிறது

உண்மையில் வாங்கிய விலையை அடிப்படையாக வைத்தது நியாயமான மாற்றம். போர்டில் ஒரு விலை, பில்லில் ஒரு விலை என்ற பழைய குழப்பம் அதனால் தீர்ந்தது. ஆனால் 22 அறைகள், 365 நாட்கள் என்று எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட அறை-இரவுகள் உள்ள ஒரு ஓட்டலின் உணவக வரியை, மூன்றே இரவுகள் மாற்றிவிடுவது அளவுக்கு மீறிய விளைவு. குறைந்தபட்சம் இத்தனை அறைகள் அல்லது இத்தனை நாட்கள் என்று ஒரு வரம்பு வைத்தால், சீசனில் ஒருமுறை விலை ஏற்றிய சிறிய ஓட்டலும் நட்சத்திர ஓட்டலும் ஒரே தட்டில் நிற்க வேண்டிவராது. கூடவே, குறிப்பிட்ட வளாகத்தில் உள்ள உணவகங்கள் 'இங்கு உணவுக்கு 18%' என்று மெனுவிலேயே அச்சிட வேண்டும் என்று கட்டாயமாக்கலாம். சாப்பிட்டு முடித்த பிறகு வரி விகிதத்தைத் தெரிந்துகொள்வது எந்த வாடிக்கையாளருக்கும் நியாயம் இல்லை.

விதி மாறும் வரை, காவல் ஓட்டல்காரரின் கையில்தான். 18% வேண்டும் என்று தாங்களாகவே விரும்பும் ஓட்டல்கள் அடுத்த நிதியாண்டுக்கான அறிவிப்பைத் தர வேண்டியது ஜனவரி 1 முதல் மார்ச் 31-க்குள். வேண்டாம் என்பவர்கள் ஆண்டு முழுவதும் புக்கிங் ஆப்பில் வாடகையின் உச்ச வரம்பை 7,500-ல் பூட்டி வைக்கலாம். இரு தரப்பும் மார்ச் கடைசி வாரத்தில் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு: அந்த வருஷத்து ரூம் பில்களை வாடகை வரிசையில் அடுக்கி, முதலில் நிற்கும் பில்லைப் பார்ப்பது. அதில் உள்ள எண் 7,500-க்கு மேல் என்றால், ஏப்ரல் 1 விடிவதற்குள் உணவகத்தின் பில்லிங் சாஃப்ட்வேரில் வரியை மாற்றியாக வேண்டும்.